ரெஸ்யூமில் டேலி 90%, எக்ஸல் 80% என்று பட்டை போட்டிருக்கிறேன், யாரும் கூப்பிடவில்லை

சாயப்பட்டறை_கணக்கு

பி.காம் முடித்துவிட்டு திருப்பூரில் ஒரு டையிங் யூனிட்டில் இரண்டரை வருடமாக அக்கவுண்ட்ஸ் அசிஸ்டென்டாக இருக்கிறேன். பனியன் ஏற்றுமதி கம்பெனி ஏதாவது ஒன்றுக்கு மாறலாம் என்று பார்க்கிறேன். நெட்டில் கிடைத்த டெம்ப்ளேட்டில் ரெஸ்யூம் செய்தேன், இடது பக்கம் நீலக் கட்டம், அதில் போட்டோ, அதற்குக் கீழே திறன்கள். அந்தப் பகுதி அப்படியே இதுதான்:

டேலி: பட்டை, 90%
ஜிஎஸ்டி: பட்டை, 85%
எக்ஸல்: பட்டை, 80%
ஆங்கிலம்: பட்டை, 70%
கடின உழைப்பாளி, நேர்மையானவர், சீக்கிரம் கற்றுக்கொள்பவர், குழுவாக வேலை செய்யத் தெரிந்தவர்

பார்த்தவர்கள் எல்லோரும் அழகாக இருக்கிறது என்கிறார்கள். கூப்பிடத்தான் ஆள் இல்லை. எதை மாற்றுவது?

சேலத்துப்பையன்

நண்பா டேலி 90% என்றால் எந்த சென்டரில் படித்தீர்கள்? நானும் சேரலாம் என்று இருக்கிறேன், மூன்று மாதக் கோர்ஸ் போதுமா, சர்டிபிகேட் கொடுக்கிறார்களா?

பேரேடு

சேலத்துத் தம்பி, அது பரீட்சை மார்க் இல்லை, அவரே அவருக்குப் போட்டுக்கொண்ட மார்க். சிக்கலும் அங்கேதான்.

நான் ஒரு கார்மெண்ட்ஸ் எக்ஸ்போர்ட் கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறேன், எச்ஆர் வடிகட்டி அனுப்பும் ரெஸ்யூம் என் மேஜைக்குத்தான் வரும். ஜிஎஸ்டி 85% என்று பார்த்தால் எனக்கு முதலில் வருவது சிரிப்பு, ஏனென்றால் இத்தனை வருடம் கழித்தும் எனக்கு நானே அவ்வளவு போட்டுக்கொள்ள மாட்டேன். விவரம் தெரிந்தவன் தனக்குத் தெரியாதது எவ்வளவு என்று பார்த்துவிட்டுக் குறைத்துப் போடுவான், நேற்று சேர்ந்தவன் 95 போடுவான். அப்புறம் அந்த எண்ணை வைத்து நான் யாரை யாரோடு ஒப்பிடுவது? இன்டர்வியூவில் நான் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "எக்ஸல் 80 போட்டிருக்கிறீர்கள், மீதி 20 என்ன?" இதுவரை யாரும் நேராகப் பதில் சொன்னதில்லை. சொல்லவும் முடியாது, அது எதிலும் 80 இல்லையே.

டேலி 90% போட்டவர் தினமும் சேல்ஸ் வவுச்சர் மட்டும் அடிப்பவராக இருக்கலாம். ஜாப் ஒர்க்குக்குப் போன துணியைக் குடோன்வாரியாகப் பிரித்து, பேங்க் ஒப்பீடு முடித்து, மாதக் கணக்கை மூடுகிறவராகவும் இருக்கலாம். சம்பளத்தில் இரண்டு பேருக்கும் பெரிய வித்தியாசம், பட்டையோ ஒரே நீளம்.

திறன் என்ற வார்த்தையைக் கொஞ்சம் ஒதுக்கி வை. மாதம் 1ஆம் தேதியிலிருந்து கடைசி வரை நீ என்னென்ன செய்கிறாய் என்று இங்கே எழுது. அழகுபடுத்தாமல், வீட்டில் சொல்வது மாதிரி.

வேலைதேடி

இப்போதெல்லாம் ரெஸ்யூமை மனுஷன் படிப்பதே இல்லை, சாஃப்ட்வேர்தான் படிக்கிறது. பட்டை படமாக இருப்பதால் அதற்குப் புரியாது, அதனால்தான் ரிஜெக்ட் ஆகிறது. வழி சுலபம். வேலை விளம்பரத்தில் இருக்கும் வார்த்தைகளை அப்படியே காப்பி செய்து, கடைசியில் வெள்ளை எழுத்தில் போட்டுவிடுங்கள். கண்ணுக்குத் தெரியாது, மெஷினுக்குத் தெரியும்.

கன்சல்டன்சி_அக்கா

பாதிதான் சரி தம்பி. நான் கோவையிலும் திருப்பூரிலும் கம்பெனிகளுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் வேலையில் இருக்கிறேன். திருப்பூரில் நிறைய இடங்களில் ரெஸ்யூம் வாட்ஸ்அப்பில் வருகிறது, மேனேஜர் போனில் திறந்து பெருவிரலால் தள்ளிப் பார்க்கிறார், அங்கே எந்த சாஃப்ட்வேரும் இல்லை. போன் திரையில் அந்த இடது நீலக் கட்டம் எப்படித் தெரியும் என்று ஒருமுறை பாருங்கள், எழுத்து எறும்பு மாதிரி இருக்கும்.

வேலைத் தளங்களில் தேடும்போது வார்த்தைதான் முக்கியம், அதில் சந்தேகம் இல்லை. நான் "GSTR-2B" என்று போட்டுத் தேடுவேன், "டேலி பிரைம்" என்று போட்டுத் தேடுவேன். "கடின உழைப்பாளி" என்று போட்டு ஒருநாளும் தேடியதில்லை. பட்டையில் பெயர் எழுத்தாக இருந்து நீளம் மட்டும் படமாக இருந்தால் பெயர் வந்துவிடும், எல்லாமே படமாக இருந்தால் எதுவும் வராது. இதைத் தெரிந்துகொள்ள ஒரே ஒரு சோதனை போதும்: பிடிஎஃப்பைத் திறந்து எல்லாவற்றையும் செலக்ட் செய்து காப்பி எடுத்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். இரண்டு பத்தி டெம்ப்ளேட்டாக இருந்தால் "டேலி" என்ற வரிக்கு நடுவில் உங்கள் கல்லூரிப் பெயர் வந்து நிற்கலாம். நோட்பேடில் படிக்கும்படி இருந்தால் வேறு இடத்திலும் பெரும்பாலும் இருக்கும்.

வெள்ளை எழுத்து வேண்டவே வேண்டாம். அதே நோட்பேடு சோதனையில் அது கருப்பாக வந்து நிற்கும். எங்களுக்கும் அப்படித்தான் தெரிகிறது. அப்படி ஒருவர் வந்தால் மற்ற வரிகளையும் நம்பத் தோன்றாது.

நூல்_வியாபாரி

நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன். சின்ன யாவாரம் என்னுடையது, கணக்குப் பிள்ளை ஒருத்தர்தான். எனக்கு எக்ஸல் கிக்ஸலை விட நேர்மைதான் முக்கியம், கல்லாவில் கை வைக்கிற ஆளை வைத்து என்ன செய்வது. நேர்மையானவர் என்று எழுதினால் என்ன தப்பு?

பேரேடு

தப்பில்லை அண்ணா, உங்களுக்குத் தேவையான குணம்தான். ஆனால் நீங்கள் வேலையை விட்டு அனுப்பிய ஆளும் தன் பயோடேட்டாவில் நேர்மையானவர் என்றுதானே எழுதியிருப்பார்? அந்த வார்த்தையை வைத்து யாரையாவது வேலைக்கு எடுத்தீர்களா, இல்லை தெரிந்தவரிடம் விசாரித்து எடுத்தீர்களா?

நூல்_வியாபாரி

விசாரித்துத்தான். பழைய முதலாளிக்குப் போன் போட்டேன்.

பேரேடு

அதுதான். அப்படியென்றால் "சிறு ரொக்கம் என் பொறுப்பில், வாரம் ஒருமுறை மேனேஜர் எண்ணிச் சரிபார்ப்பார்" என்று அனுபவப் பகுதியில் ஒரு வரி இருந்தால் உங்களுக்கு எதைக் கேட்க வேண்டும், யாரிடம் கேட்க வேண்டும் என்று தெரிந்துவிடும். திறன்கள் பகுதியில் குணத்தை எழுதுவதில் எனக்கு இருக்கும் குறை அது ஒன்றுதான், போய்ச் சரிபார்க்க வழியே இல்லை. எதிர்ச்சொல்லைப் போட்டுப் பார்த்தாலும் தெரியும். "சோம்பேறி, குழுவோடு சேராதவர்" என்று யாரும் எழுதப்போவதில்லை, ஆகவே எல்லோரும் எழுதும் அந்த வரி யாரையும் பிரித்துக் காட்டாது.

சாயப்பட்டறை_கணக்கு

அண்ணா, கேட்டபடி எழுதுகிறேன்.

பார்ட்டிகள் துணியை டெலிவரி சலானோடு அனுப்புவார்கள், அதை வரவு வைப்பேன். சாயம் போட்டு முடிந்ததும் ஜாப் ஒர்க் பில், இ-வே பில் போடுவேன். மாதம் சுமார் 300 பில் வரும். சாயம், கெமிக்கல் வாங்கிய பில்லெல்லாம் டேலியில் ஏற்றுவது நான்தான். கான்ட்ராக்டருக்கு டிடிஎஸ் கழித்து 7ஆம் தேதிக்குள் சலான் கட்டுவேன், டிடிஎஸ் ரிட்டர்னான 26Q-ஐ ஆடிட்டர் ஆபீஸில் போடுவார்கள். GSTR-1 11ஆம் தேதி கடைசி என்பதால் அதற்கு முன்னால் விற்பனை விவரத்தை எக்ஸலில் எடுத்து ஆடிட்டருக்கு அனுப்புவேன். சப்ளையர்கள் எங்களுக்குப் போட்டதாகக் காட்டிய பில்களின் பட்டியலான 2B 14ஆம் தேதி வந்ததும் இறக்கி எங்கள் பர்ச்சேஸோடு ஒப்பிட்டு, வராத பில்லுக்கு சப்ளையரைப் போனில் பிடிப்பேன். 20க்குள் 3B ஆடிட்டர் போட்டுவிடுவார். இரண்டு பேங்க் கணக்கின் ஒப்பீடும் நான்தான். பிஎஃப், இஎஸ்ஐ வேறு ஒருவர். இதையெல்லாம் வைத்து ஒன்று எழுதிப் பார்த்தேன்:

"ஜிஎஸ்டி ரிட்டர்ன் தாக்கல் (GSTR-1, GSTR-3B), டிடிஎஸ் ரிட்டர்ன், டேலி பிரைம், எம்எஸ் ஆபீஸ், அட்வான்ஸ்டு எக்ஸல், பேங்க் ஒப்பீடு, குழுப்பணி"

பேரேடு

மேலே எழுதிய பத்தி தங்கம். கீழே எழுதிய வரியைத் தூக்கிப் போடு.

முதலில் "தாக்கல்". நீ தாக்கல் செய்யவில்லை, தயாரித்துக் கொடுக்கிறாய். இதை நான் இரண்டே கேள்வியில் கண்டுபிடிப்பேன்: 3B சமர்ப்பிக்கும்போது ஓடிபி யாருக்கு வரும், இல்லையென்றால் டிஜிட்டல் கையெழுத்து யாரிடம் இருக்கும்? நீ தடுமாறுவாய், அதற்குப் பிறகு நீ உண்மையாகச் செய்கிற 2B ஒப்பீட்டையும் நான் சந்தேகத்தோடு கேட்பேன். தயாரிப்பு என்று எழுதினாலே போதும், எங்களுக்கு அந்த வேலைக்குத்தான் ஆள் வேண்டும்.

அடுத்தது அந்த "அட்வான்ஸ்டு எக்ஸல்". இதுவும் பட்டைதான், எழுத்தில் போட்ட பட்டை. 2B ஒப்பீட்டை எக்ஸலில் எப்படிச் செய்கிறாய்?

சாயப்பட்டறை_கணக்கு

டேலியிலிருந்து பர்ச்சேஸ் ரெஜிஸ்டரை ஒரு ஷீட்டில் போட்டு, போர்ட்டலில் இறக்கிய 2B-ஐ இன்னொரு ஷீட்டில் வைத்துக்கொள்வேன். இரண்டிலும் B-ல் ஜிஎஸ்டி எண், C-ல் பில் எண், F-ல் வரி. அப்புறம் இதுதான்:

```
=SUMIFS('2B'!F:F,'2B'!B:B,B2,'2B'!C:C,C2)-F2
```

பூஜ்யம் வந்தால் சரி. வராததை மட்டும் பில்டர் செய்து பார்ப்பேன். பாதிக்கு மேல் பில் எண் வேறு மாதிரி அடித்திருப்பதுதான், நாங்கள் INV/023 என்று ஏற்றியிருப்போம், அவர்கள் INV-23 என்று போட்டிருப்பார்கள். சில பில் உண்மையிலேயே வந்திருக்காது, சப்ளையர் GSTR-1 லேட்டாகப் போட்டிருப்பார். எப்போதாவது எங்கள் நம்பருக்குப் பதிலாக வேறு பார்ட்டி ஜிஎஸ்டி எண்ணில் போய்விடும், அதுதான் பெரிய தலைவலி, அவர்கள் திருத்தம் போடும் வரை காத்திருக்க வேண்டும்.

பேரேடு

இந்தப் பதிலை இன்டர்வியூவில் இதே மாதிரி சொன்னால் நான் அடுத்த கேள்வி சம்பளத்தைப் பற்றித்தான் கேட்பேன். 2B-ல் வராத பில்லுக்கு அந்த மாதம் உள்ளீட்டு வரி வரவு எடுக்க முடியாது, அதனால் இந்த ஒப்பீட்டை ஒழுங்காகச் செய்து சப்ளையரைத் துரத்துகிறவர் இருந்தால் கம்பெனிக்குக் கையில் காசு நிற்கும். இதை உன் ரெஸ்யூமில் எங்கே தேடினாலும் காணோம், 85% என்ற பட்டைக்குள் ஒளிந்துகிடக்கிறது.

2024 அக்டோபரில் போர்ட்டலில் IMS வந்ததே, சப்ளையர் பில்லை ஏற்பது, நிராகரிப்பது, நிறுத்தி வைப்பது, அதை நீ பார்க்கிறாயா? பார்த்தால் அதையும் எழுது, பார்க்காவிட்டால் எழுதாதே.

நான் எழுதினால் இப்படி எழுதுவேன், நீ ஆங்கிலத்தில் போட்டுக்கொள்:

ஜிஎஸ்டி: GSTR-1 விற்பனை விவரம் தயாரிப்பு, மாதந்தோறும் GSTR-2B ஒப்பீடு, சப்ளையர் தொடர்பு, இ-வே பில்
கணக்கு: டேலி பிரைமில் கொள்முதல், ஜாப் ஒர்க் பில், ஜர்னல், பேங்க் ஒப்பீடு (2 கணக்கு)
டிடிஎஸ்: கான்ட்ராக்டர் கழிவு, சலான் கட்டுதல், 26Q-க்கு விவரம் தயாரிப்பு
எக்ஸல்: SUMIFS, பிவட் டேபிள், பில்டர், 2B ஒப்பீட்டுத் தாள் சொந்தமாக அமைத்தது

வேலையின் பெயரில் பிரித்திருக்கிறேன் என்பதைக் கவனி. ஏற்றுமதி கம்பெனி விளம்பரத்தில் எது முதலில் கேட்கப்பட்டிருக்கிறதோ அந்த வரியை மேலே தூக்கு. எம்எஸ் ஆபீஸ் என்பதை விட்டுவிடு, வேர்டு திறக்கத் தெரியும் என்று கணக்கு வேலைக்கு வருகிறவர் சொல்ல வேண்டியதில்லை. மாதம் 300 பில் என்ற எண் அனுபவப் பகுதிக்குப் போகட்டும், அதுதான் உன் "கடின உழைப்பாளி".

பிவட் உனக்குத் தெரியும் என்று நானாகப் போட்டுவிட்டேன், தெரியாவிட்டால் எடுத்துவிடு.

சாயப்பட்டறை_கணக்கு

பிவட் தெரியும் அண்ணா, பார்ட்டிவாரி பாக்கி அதில்தான் எடுப்பேன். IMS ஆடிட்டர்தான் பார்க்கிறார், அதை எழுதவில்லை.

மறுபடியும்_கணக்கு

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். நான் 2016 வரை ஒரு ஸ்பின்னிங் மில்லில் அக்கவுண்ட்ஸ் பார்த்தேன், அப்புறம் குழந்தைகள், வீடு. இப்போது திரும்ப வேலை தேடுகிறேன். என் திறன்கள் பகுதியில் இருப்பது டேலி ஈஆர்பி 9, வாட் ரிட்டர்ன், சர்வீஸ் டாக்ஸ். பட்டை இல்லை, வேலையின் பெயரில்தான் எழுதியிருக்கிறேன், பேரேடு சொன்ன மாதிரியே. ஆனால் அந்த வேலையே இப்போது இல்லையே?

பேரேடு

அம்மா, 2017 ஜூலையோடு வாட் கணக்கு முடிந்தது, அதை முதல் வரியில் வைத்தால் உங்கள் வயதைத்தான் காட்டும். ஆனால் பேங்க் ஒப்பீடு, கடன் பாக்கி வசூல், ஸ்டாக் கணக்கு, ஃபைனலைசேஷன், இதெல்லாம் சட்டம் மாறியதால் மாறவில்லை. மில்லில் காட்டன் ஸ்டாக் கணக்கு பார்த்திருந்தால் அது இன்றைக்கும் கேட்கப்படும் வேலை. டேலி ஈஆர்பி 9 தெரிந்தவர் பிரைமுக்கு வருவது பெரிய விஷயம் இல்லை, மெனு இடம் மாறியிருக்கிறது, கணக்கு மாறவில்லை. வாட் வரியை அனுபவத்தில் அந்த வருடத்தோடு விட்டுவிடுங்கள்.

கன்சல்டன்சி_அக்கா

நான் இதில் ஒன்று சேர்க்கிறேன். சில வேலைத் தளங்களில் சாஃப்ட்வேர் பெயருக்குப் பக்கத்தில் வெர்ஷன், கடைசியாகப் பயன்படுத்திய வருடம், எத்தனை வருட அனுபவம் என்று தனித்தனிக் கட்டம் இருக்கும். பலரும் காலியாக விடுகிறார்கள். எனக்கு அந்தக் கட்டம் பட்டையை விட நூறு மடங்கு உதவும். ரெஸ்யூமிலும் அதே மாதிரி "டேலி ஈஆர்பி 9, 2010 முதல் 2016 வரை" என்று எழுதலாம். பிரைமின் எஜுகேஷனல் மோடில் வீட்டிலேயே பழகிவிட்டு "டேலி பிரைம், சுயமாகப் பழகியது" என்று அடுத்த வரி போடுங்கள்.

ஜிஎஸ்டியும் படித்துக்கொண்டிருந்தால் "கற்றுக்கொண்டிருக்கிறேன்" என்று போடுங்கள், தேடலில் பெயராவது வரும்.

பேரேடு

இங்கே அக்காவோடு எனக்கு ஒத்துப்போகவில்லை. பிரைம் சுயமாகப் பழகியது சரி, உட்கார வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். "கற்றுக்கொண்டிருக்கிறேன்" என்றால் என்ன, வீடியோ ஒன்று பார்த்ததா, பாதி கோர்ஸ் முடித்ததா? என் மேஜைக்கு வரும்போது அது இன்னொரு பட்டை.

கன்சல்டன்சி_அக்கா

உங்கள் மேஜைக்கு வருவதற்கு முன்னால் என் தேடலில் வர வேண்டுமே! வராத ரெஸ்யூமை நீங்கள் எப்படி நிராகரிப்பீர்கள்.

வேலைதேடி

பட்டை கூடாது என்றால் மொழிக்கு என்ன செய்வது? மொழியில் நிலை உண்டுதானே, ஒருவருக்குக் கொஞ்சம் தெரியும், ஒருவருக்கு நன்றாகத் தெரியும். அங்கேயாவது பட்டை சரிதானே.

கன்சல்டன்சி_அக்கா

நிலை உண்டு, அதை வார்த்தையில் சொல்லுங்கள். பேச, படிக்க, எழுத என்று மூன்றாகப் பிரித்தாலே முக்கால்வாசி வேலை முடிந்தது. ஐஈஎல்டிஎஸ் எழுதியிருந்தால் அந்த மதிப்பெண்ணையும் வருடத்தையும் போடலாம், அது வெளியிலிருந்து ஒருவர் போட்ட மார்க், நீங்களே போட்டது இல்லை. சாயப்பட்டறைத் தம்பி, உங்கள் 70% ஆங்கிலம் நிஜத்தில் எப்படி?

சாயப்பட்டறை_கணக்கு

மெயில் தடையில்லாமல் எழுதுவேன் அக்கா, போனில் ஆங்கிலம் என்றால் கொஞ்சம் வியர்க்கும். இந்தி நன்றாகப் பேசுவேன், எங்களுக்குச் சாயம் குஜராத்திலிருந்து வருகிறது, சப்ளையரோடு பேசிப் பேசிப் பழகியது. எழுதப் படிக்க வராது, அதனால் ரெஸ்யூமில் போடவே இல்லை.

கன்சல்டன்சி_அக்கா

அடப்பாவி, அதைப் போடாமல் விட்டீர்களா. "இந்தி: பேச்சு, சப்ளையர் தொடர்புக்குத் தினமும்" என்று போடுங்கள். "ஆங்கிலம்: அலுவலக மெயில்" என்று மட்டும் போட்டால் போதும், போனில் வியர்ப்பதை அவர்கள் கேட்டால் சொல்லிக்கொள்ளலாம்.

நூல்_வியாபாரி

இந்தி பேசுகிற கணக்கு ஆள் என்றால் நானே எடுத்துக்கொள்வேன், பருத்தி யாவாரிகள் பாதிப் பேர் அந்தப் பக்கம்தான்.

சாயப்பட்டறை_கணக்கு

நன்றி அண்ணா :) ஏற்றுமதிப் பக்கம் போகத்தான் ஆசை. அதில்தான் ஒரு சந்தேகம். விளம்பரங்களில் ஷிப்பிங் பில், எல்யூடி, டிராபேக் எல்லாம் கேட்கிறார்கள், எனக்கு ஒன்றும் தெரியாது, எங்கள் யூனிட் நேராக ஏற்றுமதி செய்வதில்லை. அந்த இடத்தைக் காலியாக விட்டால் கூப்பிடுவார்களா?

பேரேடு

காலியாக விடு. ஏற்றுமதி கம்பெனியில் டாக்குமென்டேஷன் தனி ஆள், அக்கவுண்ட்ஸ் தனி ஆள் என்று இருக்கும் இடத்தைப் பார். உன் பலம் வேறு. நாங்கள் துணியை நிட்டிங், டையிங், காம்பாக்டிங் என்று வெளியே ஜாப் ஒர்க்குக்கு அனுப்புகிறவர்கள், ஜாப் ஒர்க் சரக்குக் கணக்கைக் காட்டும் ITC-04 படிவத்துக்கு எந்தச் சலானில் எவ்வளவு போனது, எவ்வளவு திரும்பி வந்தது என்று தேடித் தலையைப் பிய்த்துக்கொள்கிறோம். நீ அந்தச் சலானின் மறுமுனையில் உட்கார்ந்திருக்கிறாய். "ஜாப் ஒர்க் சலான் வரவு, திருப்பி அனுப்பியது, கழிவு எடை, பார்ட்டியோடு கணக்கு ஒப்பீடு" என்று ஒரு வரி போடு, கணக்கு வரிக்கு மேலேயே போடலாம். கழிவு எடை நீ பார்க்கிறாய்தானே?

சாயப்பட்டறை_கணக்கு

பார்க்கிறேன், மாதா மாதம் அதற்குத்தான் சண்டையே நடக்கும். இது ஒரு திறன் என்று தோன்றவே இல்லை அண்ணா.

கடைசியாக ஒன்று. 2B ஒப்பீட்டு எக்ஸல் தாளை ரெஸ்யூமோடு சேர்த்து மாதிரிக்கு அனுப்பட்டுமா?

பேரேடு

அனுப்பாதே! அதில் உங்கள் கம்பெனி சப்ளையர்களின் ஜிஎஸ்டி எண்ணும் வாங்கிய விலையும் இருக்கும். அதை வெளியே அனுப்புகிற ஆளை நான் எடுக்க மாட்டேன், நாளைக்கு எங்கள் கணக்கையும் அனுப்புவாய். பொய்ப் பெயர், பொய் எண் போட்டு இருபது வரியில் ஒரு தாள் செய்து வைத்துக்கொள், INV/023 மாதிரி ஒரு தப்பு, வேறு ஜிஎஸ்டி எண்ணில் போன ஒரு பில், வராத ஒரு பில் எல்லாம் அதில் இருக்கட்டும். இன்டர்வியூவில் கேட்டால் திறந்து காட்டு.

மறுபடியும்_கணக்கு

அந்த மாதிரித் தாள் நானும் செய்து பழகலாமா? 2B-ல் என்னென்ன பத்தி வரும் என்று தம்பி யாராவது எழுதினால் போதும், மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன்.

சாயப்பட்டறை_கணக்கு

சப்ளையர் ஜிஎஸ்டி எண், பெயர், பில் எண், தேதி, பில் மதிப்பு, வரிக்கு உட்பட்ட மதிப்பு, ஐஜிஎஸ்டி, சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி, வரவு எடுக்கலாமா கூடாதா என்ற பத்தி. இவை போதும் அக்கா. நான் முன்னால் எழுதிய F-ல் இரண்டு ஷீட்டிலும் மூன்று வரியையும் கூட்டிப் போட்டுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் ஒப்பீடு சரியாக வராது.